கேட்டது புத்தகம்... வந்தது பழைய பேப்பர்!

உங்க தம்பியோ தங்கச்சியோ ஸ்கூல்ல படிக்கிறாங்களா? அப்போ என்னிக்காவது ஒருநாள் அவங்க டைரிக்குள்ள இந்த சர்க்குலர் வரும். 'அன்புள்ள பெற்றோருக்கு, தங்கள் வீட்டில் உள்ள பழைய புத்தகங்களை நம் பள்ளி நூலகத்துக்கு நன்கொடையாக அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, நூலகர்.' அம்மா அதை உங்ககிட்டதான் நீட்டுவாங்க. பரண்ல தூங்குறது உங்க புத்தகங்கள்தானே பாஸ்!

எங்க சித்தி ஒரு ஸ்கூல் லைப்ரரியன். போன வருஷம் இதே மாதிரி லெட்டர் அனுப்பினாங்க. ஒரே வாரத்துல 14 அட்டைப்பெட்டி வந்து இறங்கிடுச்சு. செமஸ்டர் லீவுல சும்மா இருந்த என்னைப் பிரிச்சு அடுக்கக் கூப்பிட்டாங்க. மூணு நாள் தும்மினதுதான் மிச்சம்!

பாதிக்கு மேல பழைய பாடப்புத்தகம், கைடு, கொஸ்டின் பேங்க். தமிழ்நாட்டுல 2018, 2019-னு ரெண்டு வருஷத்துல எல்லா வகுப்புக்கும் பாடத்திட்டம் மாறிடுச்சு. அதுக்கு முந்தின கைடை வெச்சுப் படிக்கிற பையன் என்ன ஆவான்?

அடுத்து அட்லஸ். '28 மாநிலம்னு போட்டிருக்கே, கரெக்ட்தானே சித்தி?'னு கேட்டேன். சிரிச்சாங்க. 2014-ல தெலங்கானா பிறந்ததும் 29 ஆச்சு. 2019-ல ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசங்களா பிரிஞ்சதும் மறுபடி 28. அதனால எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது, மேப்ல தெலங்கானா இருக்கானு பார்க்கணும். அந்த அட்லஸ்ல இல்லை. புளூட்டோவை ஒன்பதாவது கோள்னு சொன்ன புத்தகமும் இருந்துச்சு. 2006-லயே அதைக் குறுங்கோள்னு மாத்திட்டாங்க. கதைப் புத்தகம் பழசானா பரவாயில்லை, தகவல் புத்தகம் பழசானா அது தப்பான புத்தகம்!

சில புத்தகங்கள் பார்க்க நல்லாதான் இருந்துச்சு. சித்தி நடுப்பக்கத்தைத் திறந்து மோந்து பார்த்தாங்க. ஈர வாடை வந்தா பூஞ்சை. பக்கத்தோட மேல்பகுதியைச் சுரண்டின மாதிரி இருந்தா ராமபாணப் பூச்சி. இதுல ஒண்ணை அலமாரியில வெச்சாலும் பக்கத்துல இருக்கிற நல்ல புத்தகங்களுக்கும் பரவிடும். செலோடேப் ஒட்டினதும் வேண்டாம்னுட்டாங்க. அது நாளாக நாளாகப் பழுப்பாகி, எழுத்து மேல கறையா இறங்கிடுமாம்.

கடைசியில தேறினது ரெண்டு பெட்டி. மீதியை எடைக்குப் போட்டாங்க. அங்கேதான் வெடிச்சது வம்பு! தன் பையன் பேர் எழுதின புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில பார்த்துட்டார் ஒரு அப்பா. நேரா ஸ்கூலுக்கே வந்துட்டார். 'வேணாம்னா திருப்பிக் கொடுத்திருக்கலாமே மேடம்'னு அவர் கேட்டப்போ சித்திகிட்ட பதில் இல்லை. அன்னிக்கு ராத்திரி அவங்க சாப்பிடவும் இல்லை.

தப்பு பெற்றோர் மேல இல்லைனு எனக்குத் தோணுச்சு. 'பழைய'னு கேட்டா பழசுதானே வரும்? இந்த வருஷம் ரெண்டு பேரும் உட்கார்ந்து லெட்டரை மாத்தினோம்:

'3 முதல் 8-ம் வகுப்பு மாணவர்கள் படிக்கும் கதைப் புத்தகங்கள் தேவை. ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 3. உங்கள் பிள்ளையின் நண்பனுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தரத் தயங்காத நிலையில் இருந்தால் போதும். பாடப்புத்தகம், கைடு வேண்டாம். நூலகத்துக்குப் பொருந்தாதவை எடைக்குப் போடப்பட்டு, அந்தப் பணத்தில் புதுப் புத்தகம் வாங்கப்படும். திரும்ப வேண்டுமென்றால் முதல் பக்கத்தில் சீட்டு வையுங்கள்.'

'3'-னு ஏன் கட்டுப்பாடு? ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டுல நம்பர் போடணும், ஸ்கூல் முத்திரை குத்தணும், முதுகுல லேபிள் ஒட்டணும். சித்தி ஒரே ஆள். தவிர, மூணுதான்னு சொன்னா எல்லாரும் நல்லதாப் பார்த்துதான் எடுப்பாங்க.

இந்த முறை வந்தது நாலே பெட்டி. ஆனா, அதுல மூணு பெட்டி நேரா அலமாரிக்குப் போச்சு. சீட்டு வெச்சு வந்தது ஒரே ஒரு புத்தகம். போன வருஷம் சண்டை போட்ட அதே அப்பா! சீட்டுல, 'படித்து முடித்ததும் கொடுங்கள், அவசரம் இல்லை'னு எழுதியிருந்தார்.

அதனால, அடுத்த தடவை அம்மா லெட்டரை நீட்டினா, பரண்ல ஏறுங்க. எடுக்குற ஒவ்வொரு புத்தகத்தையும் முதல்ல ஒரு தடவை மோந்து பாருங்க. தும்மல் வந்தா... அது பேப்பர் கடைக்கு!