சிற்றறைக்கும் தமனிக்கும் இடையே

நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளில் ஆக்சிஜனின் அழுத்தம் எவ்வளவு என்பதை நோயாளியின் படுக்கையருகே அளந்து பார்க்க முடியாது. கணக்கிட்டுத்தான் அறிய வேண்டும். அதற்கான சூத்திரம் இது:

PAO2 = FiO2 × (Pb − 47) − PaCO2 / R

Pb என்பது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம். உள்ளே இழுத்த காற்று ஈரமாகிவிடுவதால் நீராவியின் பங்கான 47-ஐக் கழிக்கிறோம். மீதமுள்ள 713-இல் 21 சதவீதம் ஆக்சிஜன். அதாவது ஏறக்குறைய 150. சிற்றறைக்கு வரும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாக இதிலிருந்து ஆக்சிஜன் இரத்தத்துக்குப் போய்விடுகிறது. உடல் 10 பங்கு ஆக்சிஜனைச் செலவிட்டால் சுமார் 8 பங்கு கார்பன் டை ஆக்சைடைத் தருகிறது. R என்னும் 0.8 அந்த விகிதம்தான்.

இப்படிக் கிடைக்கும் எண்ணிலிருந்து தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தைக் கழித்தால் வருவது சிற்றறை–தமனி இடைவெளி. வயதை நான்கால் வகுத்து நான்கைக் கூட்டினால் இயல்பான இடைவெளி தோராயமாகத் தெரியும். 24 வயதுக்கு அது 10.

அந்த வயதில் இருவர் கடலோர ஊர் மருத்துவமனை ஒன்றுக்கு வருவதாகக் கொள்வோம். இருவருக்கும் தமனி ஆக்சிஜன் 60 மட்டுமே. முதலாமவர் தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவர்; கார்பன் டை ஆக்சைடு 64. அதை 0.8-ஆல் வகுத்தால் 80. சிற்றறையில் 150 − 80 = 70; இடைவெளி 10. நுரையீரலில் பழுதில்லை, மூச்சுதான் போதவில்லை. இரண்டாமவருக்குக் காய்ச்சலும் இருமலும். மூச்சு வாங்குவதால் கார்பன் டை ஆக்சைடு 32. சிற்றறையில் 150 − 40 = 110; இடைவெளி 50. காற்று உள்ளே வந்தும் ஆக்சிஜன் இரத்தத்தில் சரிவரச் சேரவில்லை. நிமோனியாவில் நடப்பது இதுதான்.

முதலாமவர் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கிறார். மறுபரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு அதே 64, ஆக்சிஜனோ 45. இடைவெளி 25 ஆகிவிட்டது. மூச்சுக் குறைவை மட்டும் கொண்டு இதை விளக்க முடியாது. வாந்தி நுரையீரலுக்குள் இறங்கியதா என்று உடனே பார்க்க வேண்டும். கணக்குப் போடாதவர் மாத்திரையின் மீதே பழியைப் போட்டுவிட்டு இந்த ஆபத்தைத் தவறவிடக்கூடும்.

150 எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 580 என்பதால் அந்த எண் 112 ஆகிவிடும். அங்கும் 150-ஐப் போட்டால் நல்ல நுரையீரலுக்கும் 38 மி.மீ. பொய்யான இடைவெளி கூடும். மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் பெறுபவரிடமும் கவனம் தேவை. அவர் மூச்சில் சேரும் ஆக்சிஜன் விகிதம் உறுதியாகத் தெரியாது; விகிதம் உயர உயர இயல்பான இடைவெளியும் பெரிதாகும். 24 வயதுக்குச் சொன்ன அந்த 10, வெறும் காற்றைச் சுவாசிப்பவருக்கு மட்டுமே உரியது.