இரண்டு ரவுட்டர்கள், ஒரு டன்னல்

ஓர் ஆடிட்டரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். கணக்குகள் இருக்கும் கணினி வீட்டு மாடி அறையில் இருக்கிறது, அலுவலகம் ஊரின் மறுகோடியில். இரண்டையும் ஐபிசெக் டன்னலால் இணைக்க, மாடி அறையில் ஒரு சிறு விபிஎன் பெட்டியை வைத்திருக்கிறார். ஹாலில் இணைய நிறுவனம் மாட்டிக் கொடுத்த ஃபைபர் பெட்டி. அதன் வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று கடையில் வாங்கிய ரவுட்டர் ஒன்று மாடியில். பல வீடுகளில் இப்படித்தான் இரண்டு பெட்டிகள் சேர்ந்துவிடுகின்றன.

வீட்டிலிருந்து அலுவலகத்தை அழைத்தால் டன்னல் எழுந்துவிடுகிறது. அலுவலகத்திலிருந்து வீட்டை அழைத்தால் ஒரு சத்தமும் இல்லை. “நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், உங்க ரவுட்டர்ல போர்ட் திறந்திருக்கா பாருங்க” என்கிறார் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்ப்பவர். திறந்துதான் இருக்கிறது. 500, 4500 என்ற இரண்டு யு.டி.பி. போர்ட்டுகளையும் மாடி ரவுட்டரில் அவரே திறந்துவிட்டார்.

எங்கே சிக்குகிறது என்று பார்க்க, ரவுட்டர் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள் விபிஎன் பெட்டியின் முகவரி 192.168.0.50. அது வெளியே அனுப்பும் பாக்கெட்டில் அனுப்புநர் முகவரியை மாடி ரவுட்டர் அழித்து, 192.168.1.2 என்று தன் முகவரியை எழுதுகிறது. ஹால் பெட்டி அதையும் அழித்து, 203.0.113.45 என்ற வெளி முகவரியைப் போடுகிறது. இந்த மாற்றி எழுதலுக்குத்தான் நேட் என்று பெயர். இரண்டு முறை நடப்பதால் டபுள் நேட். யார் எந்தப் போர்ட்டில் பேசினார்கள் என்று ஒவ்வொரு பெட்டியும் தனக்கென ஒரு பதிவேடு வைத்திருக்கும். திரும்பி வரும் பதிலை உரிய ஆளிடம் சேர்ப்பது அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான்.

ஐபிசெக் இதற்கு இயல்பிலேயே ஒத்துவராது. பூட்டிய தரவைச் சுமக்கும் அதன் இ.எஸ்.பி. பாக்கெட்டில் போர்ட் எண்ணே கிடையாது. எண் இல்லாவிட்டால் பதிவேட்டில் எதை எழுதுவது? இதற்கான மாற்றுவழி 2005-இல் தர நிர்ணயமாக வந்தது. இரு முனைகளும் 500-ஆம் போர்ட்டில் முதலில் கைகுலுக்கும்போதே, தங்கள் முகவரியையும் போர்ட்டையும் ஹாஷ் செய்து அனுப்பிக்கொள்கின்றன. வந்த பாக்கெட்டின் மேல் இருக்கும் முகவரியை எதிர்முனை தானும் ஹாஷ் செய்து ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் நடுவில் நேட் இருக்கிறது என்று அர்த்தம். உடனே பேச்சு 4500-க்கு மாறிவிடும், இ.எஸ்.பி.யும் அதே போர்ட்டில் யு.டி.பி. உறைக்குள் போகும். இந்தச் சோதனை நடுவில் எத்தனை நேட் என்று எண்ணுவதில்லை. ஒன்றோ இரண்டோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். வீட்டிலிருந்து வெளியே போகும் அழைப்பு டபுள் நேட்டிலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வது இதனால்தான்.

வெளியிலிருந்து வரும் அழைப்பின் கதை வேறு. அது முதலில் தட்டுவது ஹால் பெட்டியை. அதன் பதிவேட்டில் இந்த அழைப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. மாடியில் எத்தனை போர்ட் திறந்து வைத்திருந்தாலும் கீழேயே வழி அடைபட்டுப் போகிறது. இதை ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். விபிஎன் பெட்டியில் இந்தக் கட்டளையை ஓடவிட்டு, அலுவலகத்திலிருந்து அழைக்கச் சொன்னால் போதும்:

```
tcpdump -ni eth0 udp port 500 or udp port 4500
```

திரையில் ஒரு வரிகூட வரவில்லை என்றால் பாக்கெட் மாடிக்கே ஏறவில்லை. இன்னும் சுலபமான அடையாளம் மாடி ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இருக்கிறது. WAN IP என்ற இடத்தில் 192.168 என்று தொடங்கும் எண் இருந்தால், அதற்கு மேலே இன்னொரு நேட் உட்கார்ந்திருக்கிறது.

தீர்வு, ஹால் பெட்டியிலும் அதே இரண்டு போர்ட்டுகளை 192.168.1.2-க்குத் திருப்பிவிடுவது. ஒரு சின்னக் கண்ணி உண்டு: அந்த முகவரியை மாடி ரவுட்டருக்குக் கொடுப்பதே ஹால் பெட்டிதான். கரண்ட் போய் வந்த பிறகு 192.168.1.3 என்று கொடுத்துவிட்டால், நேற்று வேலை செய்த டன்னல் இன்று செய்யாது. முகவரியை நிலையாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஆடிட்டர் வீட்டில் இதையெல்லாம் செய்த பிறகு பாக்கெட் வந்தது, டன்னல் வரவில்லை. அலுவலகப் பதிவில் no matching peer config found என்று ஒரு வரி. வீட்டுப் பெட்டி தன்னை 192.168.0.50 என்று அறிமுகம் செய்துகொள்கிறது. அலுவலகமோ 203.0.113.45 என்ற ஆளுக்காகக் காத்திருக்கிறது. நேட் உறையின் மேல் முகவரியைத்தான் மாற்றும். உள்ளே பூட்டி வைத்திருக்கும் அடையாளத்தை அதனால் தொட முடியாது. வழியில் மூன்று முகவரிகள் புரளும்போது அடையாளத்துக்கு முகவரியையே நம்புவது வம்பு. இரு பக்கமும் ஒரு பெயரை வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

இனி பகலில் வரும் தொல்லை. காலையில் நன்றாக இருந்த டன்னல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செத்துக் கிடக்கும். வீட்டிலிருந்து ஒரு பிங் அடித்தால் உடனே உயிர் வந்துவிடும், அலுவலகத்திலிருந்து அடித்தால் வராது. இந்த ஒருபக்க நடத்தையே நோயைச் சொல்லிவிடுகிறது. சிறிது நேரம் பேச்சில்லாவிட்டால் பதிவேட்டு வரியை ரவுட்டர் அழித்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பும் பாக்கெட் புது வரியை எழுதிக்கொள்ளும், வெளியிலிருந்து வருவதால் அது முடியாது. லினக்ஸ் அடிப்படையிலான பெட்டிகளில், பதில் வராத யு.டி.பி. வரிக்கு 30 விநாடி, இருபுறமும் ஓடிய பேச்சுக்கு 120 விநாடி என்பது வழக்கமான ஆயுள். இரண்டு பெட்டிகள் இருந்தால் எதன் கெடு குறைவோ அதுதான் டன்னலின் கெடு. ஹால் பெட்டியின் கெடுவை மாற்றும் வசதி பல நேரம் நம் கைக்குத் தருவதில்லை. அதனால் விபிஎன் பெட்டி 20 விநாடிக்கு ஒரு முறை ஒரே ஒரு பைட்டை அனுப்பி வரியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ‘எதற்கு வீண் போக்குவரத்து’ என்று யாராவது இதை நிறுத்தியிருந்தாலோ, ஐந்து நிமிடமாக்கியிருந்தாலோ மதிய மரணம் நிச்சயம்.

ரவுட்டரில் IPsec Passthrough என்று ஒரு பொத்தான் இருக்கும். பெயரைப் பார்த்தால் உதவிதான். உறையில்லாத இ.எஸ்.பி.க்காக வந்த பழைய ஏற்பாடு அது. சில பெட்டிகளில் 500-ஆம் போர்ட்டை மாற்றாமல் ஒரே ஆளுக்குப் பிடித்துக் கொடுத்துவிடும். ஒரே வீட்டில் கணவரும் மனைவியும் ஒரே அலுவலக விபிஎன்னில் நுழைய, இரண்டாவது ஆள் மட்டும் வெளியே நிற்பது இப்படித்தான். இரண்டு பெட்டிகளிலும் அதை அணைத்துவிட்டு ஒரு முறை பார்க்கலாம்.

ஆடிட்டர் கடைசியில் இணைய நிறுவனத்தை அழைத்து ஹால் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொன்னார். இனி அது நேட் செய்யாது, இணைய நிறுவனத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மாடி ரவுட்டரில் ஏறின. நிலைப் பக்கத்தில் WAN IP இப்போது 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் இணைய நிறுவனம் தன் கட்டமைப்புக்குள்ளேயே நேட் செய்வதற்கென 2012-இல் ஒதுக்கப்பட்டவை. முன்பு வெளி முகவரியைக் கொடுத்த நிறுவனம், இணைப்பை மாற்றும்போது அவரைப் பொது நேட்டுக்குள் தள்ளிவிட்டிருந்தது. அந்த நேட்டில் போர்ட் திறக்க அவருக்கு வழியில்லை. நிலையான முகவரிக்கு மாதக் கட்டணம் கேட்டார்கள். அவர் கட்டவில்லை. அழைக்கும் வேலையை வீட்டுப் பெட்டியிடமே கொடுத்து, கரண்ட் வந்ததும் அதுவே அலுவலகத்தை அழைக்கும்படி அமைப்பை மாற்றிவிட்டார்.