விடுப்பில் இருக்கும்போது யார் பதில் சொல்வது?

மே 12 முதல் 23 வரை ஊருக்குப் போகிறீர்கள். அலுவலக மெயிலுக்கு அதுவே பதில் சொல்ல, ஜிமெயில் ஆப்பில் ஒரு வசதி இருக்கிறது.

இடது மேல்மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டு, Settings போய், அலுவலகக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். சொந்தக் கணக்கில் போட்டுவிட்டு ஏமாறுவோர் உண்டு. Vacation responder-ஐ இயக்கி, முதல் நாள் 12, கடைசி நாள் 23 என்று கொடுங்கள். 12 பிறக்கும் நள்ளிரவில் தொடங்கி, 23 இரவு 11.59க்குத் தானே நின்றுவிடும். கடைசி நாளைக் குறிக்காவிட்டால், வேலைக்குத் திரும்பிய பிறகும் "விடுப்பில் இருக்கிறேன்" என்றே பதில் போகும்.

செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: "மே 24 அன்று திரும்புவேன். அவசரமென்றால் கணக்குப் பிரிவைத் தொடர்புகொள்ளவும்." வீடு பூட்டியிருப்பதையோ, போகும் ஊரையோ எழுத வேண்டாம், முன்பின் தெரியாதவருக்கும் இது போகும்.

Done தொட்டால்தான் சேமிக்கும். 12ஆம் தேதி காலை வேறொரு கணக்கிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். இரண்டாவது மெயிலுக்குப் பதில் வராவிட்டால் பதற வேண்டாம். ஒருவருக்கு ஒருமுறை பதில் போனால், நான்கு நாள் கழித்து அவர் எழுதினால்தான் மறுபடி போகும்.