வீட்டு பேக்கரியின் விலைப்பட்டியல்

வீட்டில் கேக் செய்து விற்பவரின் விலைப்பட்டியலைப் பெரும்பாலோர் வாட்ஸ்அப் படமாகத்தான் பார்க்கிறார்கள். கைபேசித் திரை குறுகலானது. மூன்று பத்திகளுக்கு மேல் போனால் எழுத்து சிறுத்துவிடும். கேக் வகைகள் இடப்பக்கம் கீழ்நோக்கி வர, எடை மேலே தலைப்பில் அமைந்தால் கண் உடனே விலைக்குப் போகும்.

| கேக் | ½ கிலோ (ரூ.) | 1 கிலோ (ரூ.) |
|---|---:|---:|
| வெனிலா | 440 | 800 |
| பிளாக் ஃபாரஸ்ட் | 520 | 950 |
| சாக்லேட் டிரஃபிள் | 660 | 1200 |

இவை மாதிரி விலைகள். ‘ரூ.’ தலைப்பில் ஒருமுறை போதும். எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்தினால் நூறும் ஆயிரமும் பார்த்தவுடனே பிரிந்து தெரியும்.

முட்டையில்லாத கேக்குக்குத் தனிப் பத்தி போடுவது பலர் செய்யும் பிழை, அட்டவணை இரட்டித்துவிடும். ‘முட்டையில்லாமல்: கிலோவுக்கு ரூ.100 கூடுதல்’ என்று அடியில் ஒரு வரி எழுதினால் போதும்.

அரை கிலோவின் விலை சரிபாதி அல்ல. பெட்டி, அடியட்டை, அலங்கரிக்கும் நேரம் ஆகியவை எடையோடு பாதியாகக் குறைவதில்லை. மேலே 55 சதவீதம் கொள்ளப்பட்டிருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் ஒரு கிலோ விலையை C பத்தியில் மட்டும் தட்டச்சு செய்து, B2-வில் இதை இட்டுக் கீழே இழுக்கலாம்:

```
=MROUND(C2*0.55,10)
```

வெண்ணெய் விலை ஏறினால் C பத்தியை மாற்றினால் போதும். அரை கிலோ விலை பத்து ரூபாய்க்கு முழுமையாகித் தானே மாறும். பழைய படம் குழுக்களில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் விலை அமலுக்கு வரும் தேதி, படத்தை வெட்டினாலும் போகாதபடி, அட்டவணையின் தலைப்பு வரிசைக்குள்ளேயே இருக்க வேண்டும்.