ஞாயிறு விடுமுறை என்றால் எந்த இரவு?

"நைட் ஷிப்ட், பஸ் வசதி உண்டு, மாதம் 16,800 வரை, ஞாயிறு லீவு." ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் வாட்ஸ்அப் செய்தி ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் எதுவுமே பொய்யாக இல்லாவிட்டாலும், சேர்ந்தவர் முதல் மாதமே ஏமாந்து நிற்கலாம்.

முதலில் லீவு. சனி இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் ஞாயிறு காலை 6 மணிக்கு முடிகிறது. அன்றிரவே மறுபடி வரச் சொன்னால், நடுவில் கிடைப்பது 16 மணி நேரம். தினமும் கிடைப்பதும் அதேதான். இதற்காகவே 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டுக்கு வார விடுமுறை என்பது ஷிப்ட் முடியும் நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்று வகுத்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. ஆக, ஞாயிறு இரவு வேலை இருக்கக் கூடாது.

அடுத்தது சம்பளம். 16,800 என்பதில் 14,200 சம்பளம், இரவுக்கு 100 ரூபாய் வீதம் 26 இரவுக்கான படி 2,600 என்று இருக்கலாம். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் இடமானால் மாதத்தில் ஒன்பது இரவுதான் வரும். படி 900 ஆகிவிடும், கையில் 15,100. "வரை" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது இந்த 1,700 ரூபாய் வித்தியாசம்.

பஸ் வசதியிலும் நேரம் ஒளிந்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் 8.45-க்கு ஏறி, மறுநாள் 7.15-க்கு இறங்குபவருக்கு எட்டு மணி நேர வேலை பத்தரை மணி நேரமாகிறது. வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடப்பது தனி.

அதே வேலையை வெளிப்படையாக இப்படி எழுதலாம்:

"நிரந்தர நைட் ஷிப்ட். இரவு 10 முதல் காலை 6 வரை, நடுவில் அரை மணி சாப்பாட்டு இடைவேளை. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் 8.45-க்குக் கம்பெனி பஸ், திரும்ப இறங்குவது காலை 7.15. கட்டணம் இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் 14,200. வேலை பார்த்த ஒவ்வோர் இரவுக்கும் படி 100. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். ஞாயிறு காலை 6-க்கு ஷிப்ட் முடிந்தால், அடுத்தது திங்கள் இரவு 10."

நீளம்தான். ஆனால் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர் 7.15 என்பதைப் பார்த்ததுமே சரிவருமா என்று முடிவெடுத்துவிடுவார். சேர்ந்த ஒரு வாரத்தில் அவர் நின்றுபோய், ஆள் எடுத்தவர் மறுபடி தேடி அலைய வேண்டியதில்லை.

சுருக்கமான செய்திதான் வந்திருக்கிறது என்றால் போனில் கேட்டு விட்டுவிட வேண்டாம். "ஞாயிறு இரவு வேலை உண்டா? படி எத்தனை இரவுக்கு?" என்று அதே வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பின்னால் பேச்சு மாறினால் காட்ட, எழுத்தில் வந்த பதில் கையில் இருக்கும்.