ஆயிரம் பாட்டு என்ற கணக்கு

புதிய பொருளைப் பற்றி நிறுவனத்துக்குள் வரும் குறிப்பு பெரும்பாலும் பொறியாளரின் மொழியில் இருக்கும். அதைச் செய்தியாளர் பயன்படுத்தும் அறிக்கையாக மாற்றுவது மக்கள் தொடர்புத் துறைப் பயிற்சியாளருக்கு முதலில் கிடைக்கும் வேலைகளில் ஒன்று.

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் வெளியிட்ட ஐபாட் அறிக்கை இதற்கு நல்ல பாடம். கருவியில் இருந்தது 5 ஜிபி ஹார்டு டிஸ்க். அந்த எண் வாசகருக்கு ஒன்றும் சொல்லாது. அறிக்கை முன்னிறுத்தியதோ சட்டைப்பைக்குள் 1,000 பாடல்கள்.

இப்படி மாற்றும்போது கணக்கைப் போட்டுப் பார்த்தே தீர வேண்டும். நொடிக்கு 160 கிலோபிட் தரத்தில் நான்கு நிமிடப் பாடல் சுமார் 4.8 எம்பி பிடிக்கும். ஆயிரம் பாடலுக்கு 4.8 ஜிபி, 5 ஜிபிக்குள் அடங்குகிறது. தரத்தை இரட்டிப்பாக்கினால் பாதிதான் அடங்கும். ஆகவே அறிக்கை 160 கிலோபிட் என்ற நிபந்தனையையும் சொன்னது. எந்த அளவீட்டின் மேல் நிற்கிறது என்று காட்ட முடியாத எண்ணை வரைவிலிருந்து எடுத்துவிடுவதே சரி.

399 டாலர் விலை, நவம்பர் 10 விற்பனைத் தேதி, மேக் கணினி தேவை என்ற வரம்பு ஆகியவையும் அதில் இருந்தன. வரம்பை மறைத்தால் வாங்கியவர் ஏமாறுவார். செய்தியாளரும் அடுத்த அறிக்கையை நம்பமாட்டார்.

"புரட்சிகரமான" போன்ற புகழ்ச்சிக்கு இடம் மேற்கோளில்தான். அதைப் பயிற்சியாளரே எழுதித் தரலாம். ஆனால் பேசுபவரின் ஒப்புதல் எழுத்தில் வரும்வரை அது வெளியே போகக் கூடாது.