வளைகோட்டின் நீளம்

வளைகோட்டின் நீளத்தை நேர்கோட்டால் துல்லியமாக அளப்பது மனித அறிவுக்கு எட்டாதது என்று 1637இல் டெகார்ட் எழுதினார். இருபது ஆண்டுகளில் வில்லியம் நீல் என்ற ஆங்கிலேய இளைஞர் அதைச் செய்துகாட்டினார். அவர் எடுத்துக்கொண்ட வகை வளைகோடு y = x^(3/2).

இன்றைய முறையில் அதை x = 0 முதல் 4 வரை அளப்போம். கோட்டைச் சிறுசிறு துண்டுகளாக்கினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நேர்கோடுதான். கிடையாக dx, செங்குத்தாக dy நகர்ந்தால், பிதாகரஸ் தேற்றப்படி துண்டின் நீளம் √(dx² + dy²). dx-ஐ வெளியே எடுத்தால் √(1 + (dy/dx)²) dx. துண்டுகளையெல்லாம் கூட்டுவதுதான் தொகையீடு.

இங்கே சாய்வு dy/dx = (3/2)√x. அதன் வர்க்கம் 9x/4. ஆகவே நீளம்:

∫₀⁴ √(1 + 9x/4) dx = (8/27)(10√10 − 1) ≈ 9.07

விடை சரியா? முனைகள் (0,0), (4,8). அவற்றை இணைக்கும் நேர்கோடு √80, சுமார் 8.94. வளைகோடு அதைவிடச் சற்றே நீளம், பொருந்துகிறது. மாணவர்கள் பலர் வர்க்கமூலத்தைப் பிரித்து 1 + dy/dx என்று எழுதிவிடுவார்கள். அப்போது 12 வரும். அது 4 கிடையாகவும் 8 செங்குத்தாகவும் நடந்த தூரம், வளைகோட்டின் நீளமல்ல.

நீலின் தேர்வு அருமையானது. வர்க்கமூலத்துக்குள் x-இன் முதல் அடுக்கு மட்டுமே மிஞ்சியதால் தொகையீடு எளிதாயிற்று. y = x² என்றால் மடக்கை வந்துவிடும். y = x³ என்றாலோ √(1 + 9x⁴); இதற்கு வழக்கமான சார்புகளில் விடையே கிடையாது. சிம்ப்சன் விதி போன்ற எண்முறையால் தோராயமாகத்தான் கணக்கிட வேண்டும்.